சப்டைட்டிலா, டப்பிங்கா: ஒரே வீட்டில் இரண்டு ஜோடிக் கண்கள்

பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 62 வயது, என் மனைவிக்கு 58. பணி ஓய்வுக்குப் பிறகு இரவு உணவை முடித்துக்கொண்டு கொரியத் தொடர் ஒன்றில் ஒரு பகுதியும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஜப்பானியப் படமோ ஈரானியப் படமோ ஒன்றும் பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. வழக்கம் ஒன்றுதான், பார்க்கும் முறையில்தான் ஒற்றுமை இல்லை. நடிகரின் சொந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்பதால் எனக்குச் சப்டைட்டில் வேண்டும். எழுத்து தெரியவில்லை, கழுத்து வலிக்கிறது, தமிழில் பேசினால் போதும் என்கிறார் மனைவி. அதே அறையில் அதே தூரத்திலிருந்து எனக்குத் தெரியும் எழுத்து அவருக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று நான் கேட்டுவிட்டேன். அதன் விளைவாக இரண்டு நாள்களாகத் தொலைக்காட்சி ஓடவில்லை.

விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது 43 அங்குலத் தொலைக்காட்சி. சுவரில் சற்று உயரமாக மாட்டியிருக்கிறோம். உட்காரும் இடத்திலிருந்து திரை ஏறக்குறைய 10 அடி. சப்டைட்டில் தமிழில் கிடைத்தால் தமிழ், இல்லாவிட்டால் ஆங்கிலம். மனைவி புரோகிரெசிவ் கண்ணாடி அணிகிறார். நான் தூரப்பார்வைக்கு ஒன்று, படிப்பதற்கு ஒன்று என இரண்டு கண்ணாடிகள் வைத்திருக்கிறேன். எனக்கும் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அரை மணி நேரம் கழிந்தால் வெள்ளை எழுத்துகளைச் சுற்றி ஒளி கசிவது போலத் தோன்றுகிறது. இந்த நிலையில் எதை வைத்து முடிவு செய்வது? பழகினால் சரியாகிவிடுமா, அல்லது இது கண்ணின் விஷயமா?

மூலக்குரல்

ஐயா, உங்கள் பக்கம்தான் நியாயம். டப்பிங்கில் பார்ப்பது என்பது நடிப்பில் பாதியைத் தூக்கி எறிவது. ஒரு நடிகர் தொண்டை அடைத்துப் பேசும் காட்சியில், குளிரூட்டப்பட்ட அறையில் நின்று பேசிய வேறொருவரின் குரலைக் கேட்பதற்கு அந்தப் படத்தைப் பார்க்காமலே இருக்கலாம். படிப்பறிவு குறைந்த நாடுகளில்தான் டப்பிங் வளர்ந்தது. படித்தவர்கள் உள்ள நாடுகளில் எல்லோரும் சப்டைட்டிலோடுதான் பார்க்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். அப்படியும் தெரியவில்லை என்றால் 65 அங்குலத் தொலைக்காட்சி வாங்கிவிடுங்கள், வேலை முடிந்தது.

கண்ணாடிக்கடை

நான் 22 ஆண்டுகளாகக் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன். பெரிய தொலைக்காட்சி வாங்கச் சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு விவரம் தேவைப்படுகிறது. உங்கள் மனைவி எதில் உட்கார்ந்து பார்க்கிறார்? நிமிர்ந்து உட்காரும் நாற்காலியா, பின்பக்கம் சாயும் இருக்கையா?

பொருநைக்கரை

சாயும் சோபா. ஓய்வு பெற்றபோது பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது. காலை நீட்டி நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டுதான் பார்ப்பார். நான் பக்கத்தில் சாப்பாட்டு மேசை நாற்காலியைப் போட்டுக்கொள்வேன்.

கண்ணாடிக்கடை

பாதி விடை அதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். புரோகிரெசிவ் கண்ணாடியின் மேற்பகுதி தூரத்துக்கு, அடிப்பகுதி புத்தகம் படிக்கும் தூரத்துக்கு. இடையில் கீழே போகப்போகப் பவர் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போகும். நிமிர்ந்து உட்கார்ந்து எதிரே பார்ப்பவர் மேற்பகுதி வழியாகப் பார்க்கிறார். பின்னால் சாய்ந்தவருடைய முகம் கூரையை நோக்கித் திரும்பிவிடுவதால், திரையைப் பார்க்க அவர் விழிகளைக் கீழே தாழ்த்த வேண்டியிருக்கிறது. அப்போது பார்வை போவது கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாக. அரையடியில் உள்ள புத்தகத்துக்காகக் கூட்டி வைத்த பவர் 10 அடியில் உள்ள எழுத்தை மங்கச் செய்யும். திரையில் முகங்கள் இருப்பது மேலே, சப்டைட்டில் இருப்பது அடியில். எனவே முகம் ஓரளவு தெரியும்போதே எழுத்து கலங்கியிருக்கும். முகத்தைச் சற்றுத் தாழ்த்தினால் தெளிவு வருகிறது என்பதை உடல் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டு, சாய்ந்த முதுகோடு மோவாயை மட்டும் மார்பை நோக்கி இழுத்து வைத்திருக்கும். கழுத்து வலி அப்படி வருவதாக இருக்கலாம்.

இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். இரண்டு வரி சப்டைட்டில் உள்ள இடத்தில் படத்தை நிறுத்தி வையுங்கள். அம்மா வழக்கம் போலச் சாய்ந்து ஒரு முறை படிக்கட்டும். பிறகு அதே இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயைத் தாழ்த்தி ஒரு முறை படிக்கட்டும். இரண்டாம் முறை எழுத்து கூர்மையானால் குற்றம் கண்ணில் இல்லை, கண்ணாடியும் இருக்கையும் ஒன்றோடொன்று பொருந்தாததில் இருக்கிறது. அடுத்ததாக, நீங்கள் இருவருமே ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி மற்றக் கண்ணால் படித்துப் பாருங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள். ஒரு கண்ணுக்கும் மற்றொன்றுக்கும் தெளிவில் பெரிய வேறுபாடு இருந்தால் அதை இங்கே கேட்க வேண்டாம். கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு திருத்தம்: மேலே அரையடி என்று கைதவறி எழுதிவிட்டேன், புத்தகத்தை யாரும் அவ்வளவு அருகில் பிடிப்பதில்லை, ஒன்றேகால் அடி என்று கொள்க.

மாடிவீடு

என் தந்தைக்கும் இதே சிக்கல்தான். வயது 74. ஆங்கிலப் படங்களைத் தமிழ் டப்பிங்கில் போட்டுக் கொடுத்தேன். ஒலியைக் கூட்டியும் பாதி வசனம் புரியவில்லை என்கிறார். ஆனால் நேரடித் தமிழ்ப் படத்தில் அவ்வளவு தொல்லை இல்லை. எந்தக் கண்ணாடி போட்டால் டப்பிங் நன்றாகப் புரியும்?

மூலக்குரல்

டப்பிங் புரிவதற்குக் கண்ணாடியா? ஐயா, அவருக்குக் காது சோதனை செய்ய வேண்டும். இழை கண்ணைப் பற்றியது.

வசனக்கூடம்

மூலக்குரல் சொல்வது சரி, ஆயினும் மாடிவீட்டுக்காரரின் கேள்வி அவ்வளவு விலகியதும் அன்று. காது மந்தமாகத் தொடங்கும்போது நாம் அறியாமலேயே பேசுபவரின் உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்கிறோம். நேரடித் தமிழ்ப் படத்தில் உதடும் ஒலியும் ஒன்றையே சொல்லுகின்றன. டப்பிங்கில் உதடு ஆங்கிலத்தையும் ஒலி தமிழையும் சொல்வதால் அந்த உதவி போய்விடுகிறது. உங்கள் தந்தைக்குத் தமிழ் ஒலியை விடத் தமிழ் எழுத்து உதவக்கூடும். காதுச் சோதனையையும் தள்ளிப்போட வேண்டாம்.

நான் டப்பிங்குக்கு வசனம் எழுதுபவன், சப்டைட்டிலும் எழுதியிருக்கிறேன். எனவே எந்தக் கட்சியிலும் எனக்கு முழு உறுப்பினர் அட்டை கிடையாது. படிப்பறிவு இல்லாத நாடுகளில்தான் டப்பிங் என்று மேலே ஒருவர் எழுதியதை மட்டும் ஒப்புக்கொள்ள இயலவில்லை. ஜெர்மனியிலும் பிரான்சிலும் இன்றும் வெளிநாட்டுப் படங்கள் பெரும்பாலும் டப்பிங்கில்தான் வீட்டுக்குள் வருகின்றன; அங்கே யாருக்குப் படிக்கத் தெரியாது? ஸ்பெயினில் 1941இல் பிராங்கோவின் ஆட்சி வெளிநாட்டுப் படங்கள் ஸ்பானிய மொழியில் பேசியே தீர வேண்டும் என்று ஆணையிட்டது. அயல்மொழி காதில் விழக்கூடாது என்ற அரசியலும் தணிக்கைக்கு இருந்த வசதியும் அதற்குக் காரணம். நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற சிறிய நாடுகளில் டப்பிங்குக்கு ஆகும் செலவு பார்வையாளர் எண்ணிக்கைக்குக் கட்டுப்படியாகாததால் சப்டைட்டில் வழக்கமானது. சிறு வயதில் எதில் வளர்ந்தோமோ அது இயல்பாகவும் மற்றது உறுத்தலாகவும் தெரிகிறது. பொருநைக்கரை ஐயாவின் வீட்டில் இரண்டு நாடுகள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

பொருநைக்கரை

சோதனையைச் செய்துவிட்டோம். நான் மனைவியிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

சாய்ந்திருந்தபோது அவரால் ஒரு வரியில் இரண்டு சொற்களைத்தான் உறுதியாகச் சொல்ல முடிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து மோவாயைத் தாழ்த்தியதும் இரண்டு வரிகளையும் படித்துவிட்டார். ஆனால் சற்று முயன்றுதான் படித்தார். எனக்குத் தெரிவது போல ஒரே பார்வையில் இல்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்ததில் அவருக்கு இரண்டும் ஒன்று போலவே இருந்தன. எனக்குத்தான் இடக்கண்ணில் எழுத்தின் ஓரம் பூசினாற்போலத் தெரிந்தது. மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

என் ஐயம் இது. நிமிர்ந்த பிறகும் அவருக்கு முயற்சி தேவைப்படுகிறதே, அது எதனால்? அவருடைய அண்மைச் சீட்டில் கண்ணாடியோடு தூரப்பார்வை 6/9 என்று எழுதியிருக்கிறது. அது நல்ல பார்வைதானே?

கண்ணாடிக்கடை

நல்ல பார்வைதான். ஆனால் 6/9 என்பது பரிசோதனைப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாக, நேரம் எடுத்து, முட்டி மோதிப் படித்த எல்லை. ஓடும் படத்தில் எல்லையில் நின்று படிக்க முடியாது. எல்லையைப் போல இரண்டு மடங்காவது பெரிய எழுத்து இருந்தால்தான் சரளமாகப் படிக்க வரும். மூன்று மடங்கு இருந்தால் படிக்கிறோம் என்ற நினைப்பே வராது.

ஓர் அளவுகோலை எடுத்துத் திரையில் நிற்கும் எழுத்தை அளந்து சொல்லுங்கள். தமிழில் ‘க’ என்ற எழுத்தின் உயரம் வேண்டும்; கொம்பு, சுழி எதுவும் சேர்க்க வேண்டாம். ஆங்கிலம் என்றால் பெரிய எழுத்து ஒன்றின் உயரம். உட்காரும் தூரத்தையும் நாடாவால் அளந்துவிடுங்கள், ‘ஏறக்குறைய’ வேண்டாம்.

பொருநைக்கரை

‘க’ 13 மில்லிமீட்டர். ஆங்கிலப் பெரிய எழுத்து 18 மில்லிமீட்டர். கண்ணிலிருந்து திரை வரை சரியாக 3 மீட்டர். திரையில் அளவுகோலை வைத்து நான் அளந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, தொலைக்காட்சியை விற்கப் போகிறீர்களா என்று கேட்டார்.

கண்ணாடிக்கடை

கணக்கு எளிதானது. 6/6 பார்வை உள்ளவர் 3 மீட்டரில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய எழுத்தின் உயரம் ஏறக்குறைய 4.4 மில்லிமீட்டர். 6/9 உள்ளவருக்கு அது ஒன்றரை மடங்கு, அதாவது 6.5. உங்கள் ‘க’ 13 என்றால் அம்மாவுக்குச் சரியாக இரண்டு மடங்குதான் கையிருப்பு. படிக்க முடியும், சரளமாக இருக்காது. நீங்கள் கண்டதும் அதுவே. இப்போது சாய்ந்த நிலைக்கு வாருங்கள். கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கும்போது பார்வை 6/24 அளவுக்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அவ்வளவு இறங்குவது வியப்பான ஒன்றன்று. அப்போது எல்லையே 17.5 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. 13 மில்லிமீட்டர்த் தமிழ் எழுத்து எல்லைக்குக் கீழே போய்விடும். 18 மில்லிமீட்டர் ஆங்கில எழுத்து எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சாய்ந்திருக்கும்போது தமிழை விட ஆங்கில எழுத்து அவருக்குச் சற்றுத் தெரிந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் கடைக்கு வருபவர்கள் பலர், தமிழ் எழுத்து என்றால் தாய்மொழி, சிறிதாக இருந்தாலும் தெரியும் என்று நினைக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லைப் பாதி பார்த்தே ஊகித்துவிடலாம். தமிழில் ‘க’வுக்கும் ‘க்’குக்கும் ஒரு புள்ளிதான் வேறுபாடு, ‘கி’யும் ‘கீ’யும் ஒரு சுழியில் பிரிகின்றன. பார்வை மங்கும்போது முதலில் காணாமல் போவது அந்தப் புள்ளியும் சுழியும்தான்.

பொருநைக்கரை

கேட்டேன். ஆங்கிலம் பரவாயில்லை, தமிழ்தான் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேனே, நீங்கள் எங்கே கேட்டீர்கள் என்றார்.

மூலக்குரல்

அப்படியானால் நான் சொன்னதுதான் சரி. 65 அங்குலம் வாங்கினால் எழுத்து ஒன்றரை மடங்கு ஆகும். 13 மில்லிமீட்டர் 19 அல்லது 20 ஆகிவிடுமே!

கண்ணாடிக்கடை

கணக்கு சரி, நிமிர்ந்து உட்கார்ந்தால் நன்மையும் உண்டு. ஆனால் சாய்ந்த நிலையில் 17.5 எல்லைக்கு 20 போதாது. பெரிய திரையில் பெரிய மங்கலைப் பார்ப்பார். அந்தப் பணம் செலவாகாமலே அதே ஒன்றரை மடங்கைப் பெற இரண்டு வழிகள் உண்டு. சோபாவை 3 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு நகர்த்தலாம். அல்லது சப்டைட்டில் அமைப்பில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கலாம். தொலைக்காட்சி பார்ப்பதற்கென்றே ஒரே பவர் கொண்ட கண்ணாடி ஒன்று செய்துகொண்டால் சாய்ந்தும் பார்க்கலாம், படுத்தும் பார்க்கலாம். முழுக் கண்ணாடியும் ஒரே பவர் என்பதால் விழி எங்கே திரும்பினாலும் வேறுபாடு இல்லை. பழைய தூரப்பார்வைக் கண்ணாடி வீட்டில் கிடந்தால் முதலில் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கைபேசியைப் பார்க்க அதைக் கழற்ற வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை.

படிக்கும் கண்ணாடியை மட்டும் தொலைக்காட்சிக்குப் போடாதீர்கள். எழுத்துதானே படிக்கிறோம், படிக்கும் கண்ணாடி போடலாமே என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். வெள்ளெழுத்துக்குப் போடும் கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தோடு நின்றுவிடும்.

கீரைக்கட்டு

இவ்வளவு கணக்குப் பார்த்தும் பழக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் படம் பார்ப்பது மாலை ஆறு மணிக்குமேல், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோதான். ஆயும் கீரையில் பழுத்த இலை கலந்துவிடக்கூடாது. எனவே கண் பாதி நேரம் முறத்தில் இருக்கும். சப்டைட்டிலோடு பார்த்தால் ஒரு நிமிடம் குனிந்தாலும் கொலை செய்தது யார் என்பது போய்விடுகிறது. என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, ஆனாலும் எனக்கு டப்பிங்தான். படத்தைப் பார்ப்பதற்கென்றே உட்காரும் நாளில் மட்டும் சப்டைட்டில் போடுவேன். பொருநைக்கரை ஐயாவின் துணைவியார் அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாரா என்று யாராவது கேட்டீர்களா?

பொருநைக்கரை

கேட்டது நல்லதாயிற்று. தொடர் ஓடும்போது அவர் பூக் கட்டுவார், அல்லது மறுநாளைக்குக் காய் நறுக்குவார். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். இதை இவ்வளவு நாள் நான் கவனித்ததே இல்லை என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

வசனக்கூடம்

அம்மாவுக்கு டப்பிங் என்று முடிவானால், எந்த மொழிப் படத்துக்கு அது நன்றாகப் பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொரிய, ஜப்பானிய மொழிகளில் தமிழைப் போலவே வினைச்சொல் இறுதியில் வருகிறது. ஒரு பாத்திரம் “அந்த வீட்டை நான்…” என்று நிறுத்தி, எதிரே இருப்பவரின் முகம் மாறிய பிறகு “விற்றுவிட்டேன்” என்று முடித்தால், தமிழ் வசனத்தில் அந்த இடைவெளியை அப்படியே வைக்கலாம். ஆங்கிலச் சப்டைட்டிலில் ‘விற்றேன்’ முன்னால் வந்து ‘வீடு’ கடைசிக்குப் போய்விடுவதால், நடிகர் சொல்வதற்கு முன்பே செய்தி உங்கள் கண்ணில் பட்டுவிடும்.

உறவுமுறைச் சொற்களிலும் தமிழுக்கு வசதி உண்டு. கொரியத்தில் ஆண் தன் மூத்தவனை ‘ஹ்யொங்’ என்றும் பெண் ‘ஒப்பா’ என்றும் அழைப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு வழி இல்லாததால் பெரும்பாலும் வெறும் பெயராகிவிடும். தமிழில் ‘அண்ணா’ என்று எழுதிவிட்டு நகரலாம். இருவர் மரியாதை நடையிலிருந்து உரிமை நடைக்கு மாறும் இடத்தை ‘நீங்கள்’ என்பதிலிருந்து ‘நீ’க்கு இறங்கிக் காட்டிவிடலாம், கொரியத் தொடரில் காதல் தொடங்குவது பல நேரம் அந்த ஓர் இடத்தில்தான்.

ஆனால் இது கொரியத்தைக் கேட்டு எழுதுபவருக்குத்தான் கைகூடும். எங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கில வசனத்தைத்தான் கொடுக்கிறார்கள். அதில் எல்லோரும் எல்லோரையும் ஒரே ‘யூ’ என்றுதான் அழைக்கிறார்கள். மேலதிகாரியைப் பார்த்து ஊழியர் ‘நீ’ என்று பேசும் டப்பிங் கண்ணில் பட்டால், எழுதியவர் படத்தைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்து எழுதினார் என்று புரிந்துகொள்ளலாம். சப்டைட்டிலுக்கும் இது பொருந்தும். காதில் ‘ஹ்யொங்’ தெளிவாக விழும்போது கீழே பெயர் மட்டும் வந்தால், அந்தத் தமிழ் ஆங்கிலத்தின் வழியாக வந்தது.

சப்டைட்டிலுக்கு இன்னொரு நெருக்கடி இடம். பொதுவாக இரண்டு வரிக்கு மேல் வைப்பதில்லை. ஆங்கிலத்துக்கு வரிக்கு 42 எழுத்து, ஒரு சப்டைட்டில் அதிகமாகப் போனால் 7 நொடி திரையில் நிற்கும் என்பவை தொழிலில் புழங்கும் அளவுகள். ஆங்கிலத்தில் மூன்று சிறு சொற்களாக வருவது தமிழில் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று ஒரே நீளச் சொல்லாக நிற்கிறது. நாங்கள் அதை ‘வருகிறேன்’ என்று நறுக்குகிறோம். வாய்ச்சண்டைக் காட்சியில் இருவர் மாற்றி மாற்றிக் கத்தும்போது மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட வேண்டியிருக்கும். சப்டைட்டிலில் பார்ப்பவர்களுக்கு மூலம் முழுவதும் கிடைக்கிறது என்ற நம்பிக்கை மூலக்குரலுக்கு இருந்தால் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

மூலக்குரல்

சொல் குறையலாம், குரல் குறையவில்லையே. எனக்கு அது போதும். இதில் நான் இறங்கி வரப் போவதில்லை.

சிற்றலை

இரண்டையும் சேர்த்துப் போட்டால் என்ன? தமிழ் டப்பிங்கும் தமிழ்ச் சப்டைட்டிலும் ஒரே நேரத்தில் ஓடட்டும். தெரிந்தவர் படிக்கட்டும், தெரியாதவர் கேட்கட்டும். சண்டையே வேண்டாம்.

வசனக்கூடம்

ஒரு முறை போட்டுப் பாருங்கள். காதில் ‘இங்கேயே இரு’ என்று விழும், கீழே ‘எங்கும் போகாதே’ என்று எழுதியிருக்கும். டப்பிங் வசனம் வாயசைவுக்காக எழுதப்படுகிறது. நெருக்கக் காட்சியில் உதடு மூடும் இடத்தில் ‘ப’வோ ‘ம’வோ வர வேண்டும் என்பதற்காகவே சொல்லை மாற்றுவோம். சப்டைட்டில் இடத்துக்காக எழுதப்படுகிறது. பெரும்பாலும் எழுதுபவர்களும் வெவ்வேறு ஆள்கள்.

2021இல் ‘ஸ்க்விட் கேம்’ வந்தபோது ஆங்கிலச் சப்டைட்டில் சரியில்லை என்று எழுந்த கூச்சலில் ஒரு பகுதி இதனால் வந்ததுதான். அதில் English என்றும் English [CC] என்றும் இரண்டு இருந்தன. முன்னது கொரிய ஒலிக்காக எழுதப்பட்டது; பின்னது காது கேளாதவர்களுக்காக ஆங்கில டப்பிங் வசனத்தையே எழுத்தாக்கியது. கொரிய ஒலியை வைத்துக்கொண்டு பின்னதைத் தேர்ந்தவர்கள், நடிகர் ஒன்று சொல்ல எழுத்து வேறொன்று சொல்கிறது என்று குழம்பினார்கள். மூல மொழியில் கேட்பவர்கள் CC இல்லாததை எடுங்கள்; டப்பிங்கோடு எழுத்தும் வேண்டும் என்பவர்கள், அந்த டப்பிங் மொழியில் CC இருந்தால் அதை எடுங்கள்.

கண்ணாடிக்கடை

இன்னொன்றும் உண்டு. எழுத்து திரையில் இருந்தால் கண் அங்கே போகாமல் இருப்பதில்லை. பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திதேவாலே என்ற உளவியலாளர் பார்வையாளர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, பேசும் மொழி நன்றாகப் புரிந்தவர்களும் சப்டைட்டிலைப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். எனவே டப்பிங் போதும் என்று முடிவு செய்தவர் எழுத்தை அணைத்துவிடுவதே நல்லது. ஓய்வு கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கண்ணுக்கு வேலை வைப்பதில் பொருளில்லை.

சிற்றலை

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் இரண்டையும் போட்டுத்தான் இரண்டு ஆண்டுகளாகப் பார்க்கிறேன். சொல் மாறுவதே எனக்கு ஒரு வேடிக்கை. ஒரே வாக்கியத்தை இருவர் எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிகிறது.

பொருநைக்கரை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். என் இடக்கண்ணில் கண்புரை தொடங்கியிருக்கிறதாம்; இப்போதைக்கு அறுவை தேவையில்லை, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். இருட்டறையில் வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளி கசிவதற்கு அதுவே காரணம் என்றார். புரை படிந்த வில்லை ஒளியைச் சிதற அடிப்பதால், கறுப்பு நிறத்தின் நடுவே பளிச்சிடும் எழுத்து பூத்துவிடுமாம். பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று மனைவியிடம் வாதாடியவன் நான் என்பதை நினைவில் கொள்க.

வீட்டில் செய்தவற்றைச் சொல்கிறேன். மனைவியின் பழைய தூரப்பார்வைக் கண்ணாடி அலமாரியில் கிடைத்தது. அதைப் போட்டுச் சோபாவில் சாய்ந்தபடியே படிக்க முடிந்தது. எழுத்தின் அளவை ‘பெரியது’ என்று மாற்றியதில் ஆங்கில எழுத்து 18இலிருந்து 26 மில்லிமீட்டர் ஆயிற்று; தமிழ் எழுத்து மட்டும் அசையவில்லை. முதலில் நான் ஏதோ தவறாகச் செய்கிறேன் என்று நினைத்தேன். அதே தளத்தைக் கைபேசியில் திறந்தபோது தமிழும் பெரிதாயிற்று. எங்கள் தொலைக்காட்சியில்தான் ஆகவில்லை. எனவே தமிழ்ச் சப்டைட்டில் உள்ள படத்துக்குச் சோபாவைக் கால்மாட்டுக் கம்பளத்தோடு இரண்டடி முன்னால் இழுத்துக்கொள்கிறோம். எனக்காக வெள்ளை எழுத்தை வெளிர்சாம்பலாக மாற்றி, பின்னால் கறுப்புப் பட்டையும் வைத்தேன். அறையில் ஒரு விளக்கு எரிகிறது. ஒளிக்கசிவு போகவில்லை, ஒரு மணி நேரம் வரை தாங்கும்படி குறைந்திருக்கிறது.

இரவுத் தொடர் தமிழ் டப்பிங்கில். எழுத்தை அணைத்துவிட்டோம், அவர் பூக் கட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைப் படம் மூல மொழியில். அன்று பூவும் இல்லை, காயும் இல்லை.

மூலக்குரல்

தொடரை டப்பிங்கில் பார்க்க உங்களுக்கு உறுத்தவில்லையா?

பொருநைக்கரை

முதல் இரண்டு நாள் உறுத்தியது. மூன்றாம் நாள் கதையில் ஒரு பாட்டி இறந்துபோனார், இருவரும் அழுதோம். குரல் யாருடையது என்று அன்று நினைவே வரவில்லை. ஆனால் கதாநாயகிக்குப் பேசுபவர் வேறு இரண்டு தொடர்களிலும் பேசுகிறார் போலிருக்கிறது. கொரியாவில் எல்லாப் பெண்களும் உடன்பிறந்தவர்களா என்று மனைவி கேட்கிறார்.

கண்ணாடிக்கடை

வெளிர்சாம்பல் சரியான மாற்றம். புரை கூடினால் ஆறு மாதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். எழுத்து இரட்டையாகத் தெரிந்தாலோ ஒரு கண் திடீரென மங்கினாலோ உடனே போய்விடுங்கள். ஒரு கேள்வி: பழைய கண்ணாடி எத்தனை ஆண்டு பழையது?

பொருநைக்கரை

ஏழு ஆண்டு. சட்டத்தில் ஒரு கால் ஆடுகிறது.

கண்ணாடிக்கடை

அதன் பவரைச் சோதித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு ஆண்டில் மாறியிருக்கும்; இப்போது கிடைக்கும் தெளிவை விடக் கூடுதலாகவும் கிடைக்கலாம்.

மாடிவீடு

தந்தைக்குக் காதுச் சோதனை முடிந்தது. இரண்டு காதிலும் கருவி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை தமிழ்ச் சப்டைட்டில் போட்டேன். ‘க’வும் ‘க்’கும் ஒன்று போலத் தெரிகிறது என்கிறார். அளவுகோல் தேடிக்கொண்டிருக்கிறேன்.